தவறுதலாக நீக்கிய செயலியின் தரவை மீட்பது: அறிகுறி வாரியாக

கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் உடைந்த திரைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "ஆப்பைத் தெரியாமல் அழித்துவிட்டேன், உள்ளே இருந்ததெல்லாம் திரும்பி வருமா?" வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் செயலி போன நேரம் தீர்மானிப்பதில்லை. போன பிறகு முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. பதற்றத்தில் உடனே மறுபடி நிறுவி, வருகிற கேள்விகளுக்கெல்லாம் வேகமாக விரலைத் தட்டிக்கொண்டே போனால், காப்பாற்றக்கூடிய பழைய பேக்கப்பின் மேல் காலியான புதிய பேக்கப் ஏறி உட்கார்ந்துவிடும். எனவே நிறுவும் முன் நில்லுங்கள். கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பைத் தேடிப் படியுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை வைத்தே எழுதியிருக்கிறேன். ஐபோனுக்கு மாறும் இடங்களைச் சொல்கிறேன்.

## அறிகுறி 1: ஐகான் காணவில்லை, நீக்கினோமா என்று உறுதியாகத் தெரியவில்லை

முதலில் பார்க்க வேண்டியது "Settings" உள்ளே இருக்கும் "Apps" பட்டியல். செயலியின் பெயர் அங்கே இருந்தால் எதுவும் அழியவில்லை. முகப்புத் திரையிலிருந்து ஐகானை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். "Remove" என்பது ஐகானை எடுப்பது, "Uninstall" என்பது செயலியையே எடுப்பது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் குழப்பம் நேர்கிறது. எல்லாச் செயலிகளும் உள்ள திரையிலிருந்து ஐகானை இழுத்து மறுபடி முகப்பில் வைத்துவிடலாம்.

ஐகான் இருக்கிறது, ஆனால் மங்கலாகத் தெரிகிறது அல்லது அதன்மேல் சிறிய மேகக் குறி இருக்கிறது என்றால், கைப்பேசி இடமின்மையால் அந்தச் செயலியை ஓரம்கட்டி வைத்திருக்கிறது. "Archive" என்று திரையில் வருவது இதுதான். செயலியின் பெரும்பகுதி போயிருக்கும், உங்கள் தரவு அப்படியே இருக்கும். இணைய இணைப்போடு ஐகானைத் தொட்டால் போதும். ஐபோனில் இதற்கு "Offload App" என்று பெயர். அங்கும் தரவு இருக்கும். ஆனால் ஐபோனில் "Delete App" கொடுத்திருந்தால் கைப்பேசிக்குள் இருந்த தரவும் சேர்ந்து போய்விட்டது. ஐக்ளவுடில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே அடுத்த வழி.

உண்மையிலேயே நீக்கப்பட்டிருந்தால், எது போனது என்பதைப் பிளே ஸ்டோர் சொல்லும். உங்கள் படத்தைத் தொட்டு "Manage apps & device" உள்ளே "Manage" பகுதிக்குச் சென்று, "Installed" என்பதை "Not installed" என்று மாற்றுங்கள். குழந்தை கையில் கைப்பேசி இருந்த நாளில் என்னென்ன போயிற்று என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இன்னும் எதையும் நிறுவாதீர்கள்.

## அறிகுறி 2: வாட்ஸ்அப் போய்விட்டது, இன்னும் மறுபடி நிறுவவில்லை

இதுதான் நல்ல நிலை. அண்மையில் பார்த்த ஒரு சம்பவத்தை வைத்தே படிகளைச் சொல்கிறேன். தையல் கடை நடத்தும் ஓர் அம்மா, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தார். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகள், வாங்கிய முன்பணம், தர வேண்டிய தேதி எல்லாம் அவருக்கு வாட்ஸ்அப் உரையாடல்களில்தான் இருந்தன. இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்து அவர் பேரன் எதையெதையோ நீக்கியதில் வாட்ஸ்அப்பும் போய்விட்டது. "தம்பி, நோட்டில எதுவும் எழுதி வைக்கலப்பா" என்றார்.

முதல் சோதனை: வேறு இடத்தில் திறந்திருக்கிறதா? கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்திருந்தால் அதை இப்போதே திறந்து பாருங்கள். கைப்பேசியில் செயலி இல்லாவிட்டாலும் இணைக்கப்பட்ட கணினி சில நாட்கள் தானே இயங்கும். கைப்பேசி 14 நாட்கள் தொடர்பில் வராவிட்டால்தான் அது வெளியேற்றப்படும். ஆனால் கைப்பேசியில் மறுபடி எண்ணைப் பதிவு செய்ததும் இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு அதிகம். ஆகவே முக்கியமான உரையாடல்களையும் படங்களையும் கணினியில் சேமித்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் கணினி இல்லை.

இரண்டாவது சோதனை: கூகுளில் இருக்கும் பேக்கப்பின் தேதி. கைப்பேசியில் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து, மூன்று கோடுகளைத் தொட்டு "Backups" பகுதிக்குப் போங்கள். வாட்ஸ்அப் பேக்கப் இருந்தால் எண்ணோடும் தேதியோடும் தெரியும். திறந்து படிக்கவோ இறக்கிக்கொள்ளவோ முடியாது. தேதியைத் தெரிந்துகொள்ளவே பார்க்கிறோம். இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். அவருடைய பேக்கப் மூன்று வாரங்களுக்கு முந்தையது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டதால் அதன் பிறகு பேக்கப் ஏறவே இல்லை. தையல் கடைக்கு மூன்று வாரம் என்பது ஒரு முகூர்த்த சீசனின் கணக்கு முழுவதும்.

மூன்றாவது சோதனை: கைப்பேசிக்குள் இருக்கும் கோப்பு. வாட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் இரவு 2 மணியளவில் கைப்பேசிக்குள்ளேயே ஒரு பேக்கப் எழுதி வைக்கிறது. கடைசி ஏழு நாள் வரையிலான கோப்புகள் அங்கே இருக்கும். கைப்பேசியின் கோப்புச் செயலியில் இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

பழைய ஆண்ட்ராய்டு என்றால் நேரடியாக `WhatsApp/Databases` என்று இருக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் என்றால் `com.whatsapp` என்பதற்குப் பதிலாக `com.whatsapp.w4b`, அதற்குள் இருக்கும் `WhatsApp` என்பதற்குப் பதிலாக `WhatsApp Business`. செயலியை நீக்கும்போது இந்தக் கோப்புறையும் போய்விடும் கைப்பேசிகள் உண்டு, அப்படியே தங்கிவிடும் கைப்பேசிகளும் உண்டு. ஊகிக்காதீர்கள், திறந்து பாருங்கள். அவருடைய கைப்பேசியில் கோப்புறை இருந்தது. `msgstore.db.crypt14` என்ற கோப்பின் தேதி அன்று அதிகாலை.

இங்கே பெரும்பாலோர் அவசரப்படுவார்கள். கோப்பு இருக்கிறதே என்று உடனே நிறுவக்கூடாது. முதலில் உள்ளே இருக்கும் `WhatsApp` கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, "Download" உள்ளே ஒன்றும், கேபிள் வழியாகக் கணினியில் ஒன்றும் வைத்தேன். படங்களும் குரல் பதிவுகளும் இதே கோப்புறையின் "Media" பகுதியில் இருப்பதால் நகல் எடுக்க நேரம் பிடிக்கும். பொறுத்திருங்கள்.

பிறகு பிளே ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை நிறுவினேன், ஆனால் திறக்கவில்லை. மறுபடி கோப்புறைக்குப் போய் கோப்பு அதே இடத்தில், அதே தேதியோடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லாவிட்டால் நகலை அதே பாதையில் வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். திறந்ததும் அதே சிம்மின் எண்ணைக் கொடுத்து, வந்த ஆறு இலக்கக் குறியீட்டை உள்ளிட்டோம். வேறு எண் கொடுத்தால் இந்தக் கோப்பு திறக்கவே திறக்காது.

இப்போது கூகுள் கணக்கில் பேக்கப் தேடட்டுமா என்று செயலி அனுமதி கேட்கும். அனுமதித்தால் மூன்று வாரப் பழையது வந்து உட்காரும். அதனால் அந்த அனுமதியைத் தராமல் தவிர்த்தோம். கூகுளில் எதுவும் கிடைக்காதபோது செயலி கைப்பேசிக்குள் இருக்கும் கோப்பைத் தேடும். "Restore" பொத்தானோடு பேக்கப்பின் தேதியும் திரையில் வரும். அந்தத் தேதியைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதிகாலைத் தேதி தெரிந்தது, தொட்டோம், சில நிமிடங்களில் அளவுகள் எல்லாம் திரும்பின.

திரும்பாதவை, அன்று அதிகாலை முதல் மாலை வரையிலான செய்திகள். அதற்குக் கருவி எதுவும் இல்லை. ஆனால் உரையாடல் என்றால் எதிர்முனையில் இன்னொரு பிரதி இருக்கிறது. அன்று பேசிய வாடிக்கையாளர்களிடம் கேட்டு, அவர்கள் கைப்பேசியில் அந்த உரையாடலைத் திறந்து "Export chat" கொடுத்து அனுப்பச் சொன்னார். செயலி இல்லாத நேரத்தில் வந்தவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சேராத செய்திகளை வாட்ஸ்அப் 30 நாட்கள் தன்னிடம் வைத்திருந்து, பதிவு செய்ததும் தரும். செயலியை நீக்குவது கணக்கை நீக்குவது ஆகாது என்பதால் குழுக்களிலும் நீங்கள் இருப்பீர்கள்.

கூகுள் பேக்கப்தான் புதியது என்றால் வேலை இன்னும் சுலபம். அதே எண், அதே கூகுள் கணக்கு, வைஃபை. அனுமதி கேட்டதும் கொடுத்து, தேதியைப் பார்த்து மீட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: நிறுவித் திறந்தாயிற்று, உரையாடல்கள் காலியாக இருக்கின்றன

எதையும் செய்வதற்கு முன் வாட்ஸ்அப் அமைப்புகளில் "Chats", பிறகு "Chat backup" போய், கூகுள் கணக்குக்கான தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். "Back up" பொத்தானைத் தொடாதீர்கள். காலியான நிலையில் பேக்கப் எடுத்தால் கூகுளில் இருக்கும் பழையது அதோடு முடிந்தது. நான் கைவிரித்த சம்பவங்களில் பாதிக்கு மேல் இதனால்தான்.

அடுத்து டிரைவில் தேதியைப் பாருங்கள். செயலியை நீக்கிய நாளுக்கு முந்தைய தேதி இன்னும் இருந்தால் வாய்ப்பு இருக்கிறது. இனி, கீழ்க்கண்டவற்றில் எது உங்கள் நிலைமை என்று பாருங்கள்.

மீட்கவா என்று கேட்டபோது தவிர்த்துவிட்டீர்கள். அந்தக் கேள்வி பதிவின்போது மட்டுமே வரும். பிறகு அமைப்புகளில் எங்கு தேடினாலும் கிடைக்காது. செயலியை நீக்கி, மறுபடி நிறுவி, பதிவு செய்தால் மறுபடி கேட்கும். நீக்கும் முன் கைப்பேசிக்குள் இருக்கும் கோப்புறையை நகலெடுக்க மறக்காதீர்கள்.

கூகுள் கணக்கு மாறியிருக்கிறது. புதிய மின்னஞ்சலோடு கைப்பேசியைப் பயன்படுத்துவோருக்கு இது நேர்கிறது. பேக்கப் இருக்கும் கணக்கைக் கைப்பேசியின் அமைப்புகளில் சேர்த்துவிட்டு, மேலே சொன்னபடி மறுபடி நிறுவுங்கள்.

ஒரு இரவு கடந்துவிட்டது. 2 மணிக்குக் காலி உரையாடல்களே புதிய `msgstore.db.crypt14` ஆக எழுதப்பட்டிருக்கும். பழையவை தேதியோடு கூடிய பெயரில் பக்கத்தில் இருக்கலாம். கோப்புறையை முழுவதும் நகலெடுத்து, செயலியை நீக்கி நிறுவி, திறப்பதற்கு முன் நகலை உரிய இடத்தில் வைத்து, இப்படிப் பெயர் மாற்ற வேண்டும்:

```
msgstore.db.crypt14              → msgstore-kaali.db.crypt14
msgstore-2025-03-11.1.db.crypt14 → msgstore.db.crypt14
```

தேதி உங்கள் கோப்பில் இருப்பது. கடைசியில் வரும் எண் 14, 15 என எதுவாக இருந்தாலும் மாற்றாதீர்கள். அதை மாற்றினால் செயலி கோப்பைப் படிக்காது. இதற்காகவே ஏழு நாள் கெடு முடிவதற்குள் வர வேண்டும் என்கிறேன்.

பேக்கப் தெரிகிறது, ஆனால் பாதியில் நிற்கிறது. பெரும்பாலும் இடப் பற்றாக்குறைதான். பேக்கப்பின் அளவைவிடக் கூடுதலான இடம் கைப்பேசியில் வேண்டும். இடம் இருந்தும் நிற்கிறது என்றால் வைஃபையை மாற்றிப் பாருங்கள்.

கடவுச்சொல் கேட்கிறது. பேக்கப்பை முழுக் குறியாக்கத்தோடு வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் அன்று வைத்த கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி வேண்டும். அது இல்லாமல் வாட்ஸ்அப்பாலும் கூகுளாலும் திறக்க முடியாது. யாராவது திறந்து தருகிறேன் என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

## அறிகுறி 4: வேறு செயலி, மறுபடி நிறுவினேன், எல்லாம் காலி

இங்கே ஒரே கேள்விதான்: அந்தச் செயலி தன் தரவை எங்கே வைத்திருந்தது?

கணக்குடன் நுழையும் செயலி என்றால் பெரும்பாலும் அதன் சர்வரில் இருக்கும். டெலிகிராம், கூகுள் கீப், மின்னஞ்சல் போன்றவற்றில் அதே எண்ணிலோ கணக்கிலோ நுழைந்தால் வந்துவிடும். டெலிகிராமின் ரகசிய உரையாடல்கள் மட்டும் வராது, அவை அந்தக் கைப்பேசிக்குள் மட்டுமே இருந்தவை. நுழைந்த பிறகும் காலியாக இருந்தால் தவறான கணக்கில் நுழைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு முறை மின்னஞ்சல், ஒரு முறை கைப்பேசி எண், ஒரு முறை கூகுள் பொத்தான் என்று நுழைந்தால் சில செயலிகள் அவற்றை மூன்று தனித்தனி ஆட்களாகக் கருதும்.

பணப் பரிமாற்றச் செயலிகளைப் பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். யுபிஐயில் பணம் வங்கியில் இருக்கிறது, செயலியில் இல்லை. அதே சிம்மோடு மறுபடி பதிவு செய்தால் போதும். யுபிஐ பின் எண்ணும் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, பழையதே செல்லும்.

கணக்கில்லாத செயலிகள்தான் சிக்கல். வரவு செலவு எழுதும் சிறு செயலி, நாட்குறிப்பு, விருந்தினராக விளையாடிய விளையாட்டு. இவை தம் தரவைத் தமக்கான தனி அறையில் வைக்கும். செயலியை நீக்கினால் ஆண்ட்ராய்டு அந்த அறையையும் சேர்த்து அழித்துவிடும். மிஞ்சும் ஒரே வழி ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப். அது ஒரு செயலிக்கு 25 எம்பி வரை கூகுள் கணக்கில் வைத்திருக்கும். "Settings" உள்ளே "Google", பிறகு "Backup" பாருங்கள். அது முன்பே இயங்கிக்கொண்டிருந்தால், பிளே ஸ்டோரிலிருந்து நிறுவும்போதே தரவு தானாகத் திரும்பும். நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. அதே கூகுள் கணக்கிலிருந்து நிறுவ வேண்டும் என்பதுதான் நிபந்தனை. திரும்பவில்லை என்றால் செயலியை உருவாக்கியவர் அந்த வசதியை மூடி வைத்திருக்கலாம், அல்லது தரவு 25 எம்பியைத் தாண்டியிருக்கலாம்.

விளையாட்டில் பணம் செலவழித்திருந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. கூகுளிலிருந்து வந்த ரசீது மின்னஞ்சலில் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அதையும் உங்கள் விளையாட்டுப் பெயரையும் எட்டிய நிலையையும் எழுதி, விளையாட்டை நடத்துபவர்களின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் சர்வரில் உங்கள் ஆட்டம் இருந்தால் புதிய கணக்கோடு இணைத்துத் தருவதுண்டு.

நீக்கும்போது சில செயலிகள், "Keep app data" என்று ஒரு கட்டத்தைக் காட்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த வசதி இது. அதில் குறியிட்டிருந்தால் அறை அழியவில்லை. அதே செயலியை நிறுவியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். யாருக்காவது நீக்கும்போது அந்தக் கட்டத்தைப் பார்த்த ஞாபகம் இருந்தால் அது நல்ல செய்தி.

## அறிகுறி 5: இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி போய்விட்டது

இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்றக் கணக்குகளும் பூட்டிக்கொள்ளும். கணினியிலோ வேறு கைப்பேசியிலோ இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கும் எந்தக் கணக்கிலிருந்தும் வெளியேறாதீர்கள்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் என்றால் நிறுவி, பழைய கூகுள் கணக்கிலேயே நுழையுங்கள். 2023 முதல் அது குறியீடுகளைக் கணக்கோடு ஒத்திசைக்கிறது. அன்று கணக்கை இணைத்திருந்தால் எல்லாம் திரும்பும். திரும்பாவிட்டால், உள்நுழைந்திருக்கும் கணினியில் ஒவ்வொரு கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்கும் போய் சரிபார்ப்பைப் புதிதாக அமையுங்கள். அங்கேயும் நுழைய முடியாவிட்டால், முன்பு அச்சிட்டோ படமெடுத்தோ வைத்த மாற்றுக் குறியீடுகளைத் தேடுங்கள். கூகுள் தருபவை எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள். பழைய பர்ஸ், மேசை அறை, படத் தொகுப்பு எல்லாவற்றிலும் பாருங்கள்.

## அறிகுறி 6: செயலி போனதோடு படங்களும் பதிவுகளும் போயினவா?

பொது இடத்தில் சேமிக்கப்பட்டவை போகாது. கேமரா எடுத்த படங்கள் `DCIM`, இறக்கிய கோப்புகள் `Download`, ஆவணங்கள் `Documents` கோப்புறைகளில் இருக்கும். குரல் பதிவுச் செயலியை நீக்கியவர்கள் `Recordings`, `Music` கோப்புறைகளையும் பாருங்கள். காணொளி திருத்தும் செயலிகளில் முடித்து ஏற்றுமதி செய்த காணொளி இருக்கும், பாதி செய்து வைத்த வேலை போய்விடும். ஸ்கேன் செயலிகளிலும் இதே கதைதான், பகிர்ந்த பிடிஎஃப் தப்பும், உள்ளேயே விட்டுவைத்தது தப்பாது.

## எப்போது கடைக்கு வர வேண்டும், எப்போது வேண்டாம்

செயலியின் தனி அறை அழிந்து, பேக்கப்பும் இல்லை என்றால் எந்தக் கடையும் அதைத் திருப்பித் தர முடியாது. இன்றைய கைப்பேசிகளில் சேமிப்பகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது. அழிந்த கோப்பின் சிதறல் கிடைத்தாலும் படிக்க முடியாது. பிளே ஸ்டோரில் கிடைக்கும் மீட்புச் செயலிகள் பொது இடத்தில் இருக்கும் படங்களைத் தேடுபவை, அந்த அறைக்குள் அவற்றுக்கு அனுமதியே இல்லை. ரூட் செய்து, அதாவது கைப்பேசியின் பாதுகாப்புத் தடைகளை நீக்கி உள்ளே புகுந்து, எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பூட்லோடர் எனும் தொடக்க நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் கைப்பேசி முழுவதும் துடைக்கப்பட்டு மிச்சமிருந்ததும் போய்விடும்.

வர வேண்டியது மூன்று நிலைகளில். வாட்ஸ்அப் கோப்புறை இருக்கிறது, ஆனால் நகலெடுக்கவோ பெயர் மாற்றவோ தயக்கமாக இருக்கிறது. அல்லது அதே செயலி ஓடிய பழைய கைப்பேசி வீட்டில் திரை உடைந்து கிடக்கிறது. திரையை மாற்றி உயிர்ப்பித்தால் அதில் பழைய உரையாடல்கள் முழுவதும் இருக்கக்கூடும், செலவு திரையின் விலை. அல்லது அந்த உரையாடல் வழக்குக்கு ஆதாரமாக வேண்டியிருக்கிறது. அப்போது எங்களிடம் வரும் முன் வழக்கறிஞரிடம் போங்கள், கைப்பேசியில் எதையும் மாற்றாதீர்கள்.

வரும்போது பதிவு செய்த எண்ணின் சிம்மையும், பேக்கப் இருக்கும் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும், வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்குப் பின் எண் வைத்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லை எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே உள்ளிடுங்கள். அந்தப் பின் எண் மறந்து, அதற்கு மின்னஞ்சலும் கொடுத்து வைக்கவில்லை என்றால் அதை மாற்றியமைக்க ஏழு நாட்கள் காத்திருக்க நேரும். அந்த ஏழு நாளும் கைப்பேசியின் கோப்புறையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.